ஒரு விசை, இரண்டு எழுத்து: பழுது தூசியிலா, அமைப்பிலா, ரிப்பன் கேபிளிலா?

"என் லேப்டாப்பில் பத்து நாளாக e ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை விழுகிறது. @ அடித்தால் மேற்கோள் குறி வருகிறது. சில சமயம் g, h, Backspace மூன்றும் சேர்ந்து நின்றுபோய், பிறகு தானாக வேலை செய்கின்றன. கடையில் கீபோர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். தூசியா, செட்டிங்கா, உள்ளே இருக்கும் ரிப்பன் கேபிளா என்று நானே பார்க்க வழி உண்டா?"

உண்டு. அதில் பெரும்பகுதியைத் திருப்புளியைத் தொடாமலேயே பார்த்துவிடலாம். நீங்கள் மூன்று குறைகளையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறீர்கள்; கடைக்காரரும் அவற்றை ஒரே நோயாகக் கருதி ஒரே மருந்தைச் சொல்லியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்து மாறி வருவது ஒரு வகை, ஒரே விசை இரட்டிப்பது வேறு வகை, தொடர்பில்லாத சில விசைகள் ஒன்றாகச் சாவது மூன்றாம் வகை. எந்த விசைகள், எத்தனை விசைகள், எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி வைத்துக்கொண்டால் பழுதின் இருப்பிடம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

அது ஏன் என்று புரிய, விசைப்பலகையின் உட்புறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. விசைகளுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளி கலந்த மையால் தடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தாளில் விசைக்கு ஒன்றாகத் துளைகள் இருக்கும். விசையை அழுத்தும்போது அதன் கீழிருக்கும் ரப்பர் குமிழ் அமுங்கி, மேல் தடத்தைத் துளையின் வழியாகக் கீழ்த் தடத்தில் தொட வைக்கிறது. இந்தத் தடங்கள் கட்டம் போட்ட தாளைப் போல வரிசைகளாகவும் பத்திகளாகவும் ஓடுகின்றன. எந்த வரிசையும் எந்தப் பத்தியும் தொட்டுக்கொண்டன என்பதை மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு ஓயாமல் சோதித்து, அதைக்கொண்டு அழுத்தப்பட்ட விசை எது என்று முடிவு செய்கிறது. ஆகவே எண்பது, நூறு விசைகள் இருந்தாலும், பலகையை மதர்போர்டோடு இணைக்கும் பட்டையான ரிப்பனில் ஏறத்தாழ முப்பது தடங்களே போதுமானவை. ஒரு விசை மட்டும் கெட்டால் குற்றம் அந்த விசையின் இடத்தில் இருக்கும் வாய்ப்பே அதிகம். ஒரு தடம் அறுந்தால் அந்தத் தடத்தில் உள்ள எல்லா விசைகளும் ஒன்றாகப் போகும். அவை பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு தடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஒன்றை அழுத்த இரண்டு எழுத்து விழும். அமைப்பில் கோளாறு என்றால் விசைகள் ஒழுங்காகவே இயங்கும். எழுத்து மட்டும் வேறாக, ஆனால் ஒவ்வொரு முறையும் அதே வேறாக, வரும்.

இந்தக் கடைசி அடையாளத்தை வைத்து @ குறியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஷிஃப்டுடன் 2 அழுத்தினால் இரட்டை மேற்கோளும், ஷிஃப்டுடன் மேற்கோள் விசையை அழுத்தினால் @ குறியும், ஷிஃப்டுடன் 3 அழுத்தினால் பவுண்டுக் குறியும் வருகின்றனவா என்று பாருங்கள். மூன்றும் பொருந்தினால் விசைப்பலகையில் குற்றமே இல்லை. விண்டோஸ் அதை பிரிட்டிஷ் ஆங்கில அமைப்பாக எண்ணிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் நிறுவப்பட்டுள்ள அமைப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும். சில கணினிகளில் இடப்பக்க ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்து விழுந்தாலே மொழி மாறிவிடுகிறது. தட்டச்சு வேகத்தில் இது தெரியாமலேயே நடந்துவிடும். Settings பக்கத்தில் Time & language, Language & region என்று சென்று, ஒவ்வொரு மொழிக்கும் உள்ள Language options திரையில் வேண்டாத அமைப்பை நீக்கிவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றுக்காகவும் நல்ல விசைப்பலகைகள் மாற்றப்படுகின்றன. US-International என்ற அமைப்பில் மேற்கோள் விசையை அழுத்தினால் உடனே ஒன்றும் தோன்றாது. அடுத்த எழுத்துக்காக அது காத்திருக்கும். வரவில்லையே என்று மறுபடி அழுத்தினால் இரண்டும் ஒன்றாக வந்து விழும். பார்ப்பவருக்கு விசை சிக்கிக்கொண்டது போலவே இருக்கும். எண்பகுதி தனியாக இல்லாத பழைய மாடல்களில் u, i, o அழுத்தினால் 4, 5, 6 வந்தால் NumLock போடப்பட்டிருக்கிறது என்று பொருள். வலப்பக்க ஷிஃப்டை எட்டு நொடி அழுத்திப் பிடித்தால் Filter Keys என்ற வசதி இயங்கத் தொடங்க இசைவு கேட்கும். யோசிக்காமல் சம்மதித்துவிட்டால் சட்டெனத் தட்டிவிட்ட எழுத்துகள் விழாமலே போகும். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் அடித்த எழுத்தை அழித்துவிட்டுப் புதிய எழுத்தை இடும் முறையில் இயங்கும் தட்டச்சு மென்பொருள்கள் உண்டு. சில செயலிகளில் அந்த அழித்தல் சரியாக நடக்காமல் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் சேர்ந்தே நின்றுவிடும். அந்த மென்பொருளை முழுவதுமாக மூடிவிட்டு நோட்பேடில் ஆங்கிலத்தில் அடித்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

அமைப்பா, கருவியா என்று பிரிக்க எல்லாரும் சொல்லும் வழி, வெளியிலிருந்து ஒரு யுஎஸ்பி விசைப்பலகையைச் செருகிப் பார்ப்பது. நல்ல வழிதான். அதிலும் அதே தவறு வந்தால் அமைப்பில் குற்றம்; அதில் சரியாக வந்தால் மடிக்கணினியின் சொந்தப் பலகையில் குற்றம். ஆனால் இந்தச் சோதனை ஓரிடத்தில் நம்மை ஏமாற்றும். மடிக்கணினியில் கன்ட்ரோலோ ஷிஃப்டோ அமுங்கியபடியே சிக்கியிருந்தால், விண்டோஸ் இரண்டு பலகைகளையும் ஒன்றாகவே பார்ப்பதால், வெளிப்பலகையில் நீங்கள் அடிக்கும் எழுத்தையும் அது கெடுக்கும். வெளிப்பலகையிலும் எழுத்துகள் எல்லாம் பெரிய எழுத்தாக வந்தாலோ, s அடித்தவுடன் சேமிக்கும் சாளரம் திறந்தாலோ, அமைப்பைக் குறை சொல்லுமுன் Run பெட்டியில் கீழ்க்காணும் கட்டளையைக் கொடுத்துத் திரை விசைப்பலகையைத் திறந்து, எந்த விசையும் தொடாமலேயே ஒளிர்கிறதா என்று பாருங்கள்.

```
osk
```

இனி e விசைக்கு வருவோம். இங்கே நீங்கள் முதலில் பிரித்தறிய வேண்டியது, விசை இரட்டிக்கிறதா அல்லது சிக்குகிறதா என்பதை. இரண்டும் பேச்சில் ஒன்றாகவே வரும், காரணங்கள் வேறு. சிக்கினால் eeeeee என்று, விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் வருவதைப் போல, சிறு இடைவெளிக்குப் பின் வரிசையாக ஓடும். விசை மேலெழும்பவில்லை, அல்லது தொடர்பு விடுபடவில்லை என்பது அதன் பொருள். இரட்டித்தால் ee என்று இரண்டே விழுந்து நின்றுவிடும். தொடர்புப் புள்ளி சுத்தமாக இல்லாததால், ஒரே அழுத்தத்தில் அது தொட்டு, விட்டு, மறுபடி தொடுகிறது. இத்தகைய துள்ளல் நல்ல விசையிலும் மிகச் சிறிய அளவில் உண்டு. கட்டுப்பாட்டுச் சில்லு அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அந்தச் சில்லு பொறுக்கும் நேரத்தைத் துள்ளல் தாண்டும்போதுதான் அது இரண்டாவது எழுத்தாகத் திரைக்கு வருகிறது.

கண்ணால் இதைப் பிரிக்க முடியாதபோது லினக்ஸ் உதவும். உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, இணையத்தை இணைத்துக்கொண்டு டெர்மினலில் இந்தக் கட்டளைகளை வரிசையாகக் கொடுங்கள். விண்டோஸின் அமைப்பு எதுவும் அங்கே இல்லாததால், e அங்கேயும் இரட்டித்தால் அமைப்பின் மீதான சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

```
sudo add-apt-repository -y universe
sudo apt update
sudo apt install evtest
sudo evtest
```

பட்டியலில் AT Translated Set 2 keyboard என்பதற்கு எதிரே உள்ள எண்ணைக் கொடுத்துவிட்டு e விசையை ஒரே ஒருமுறை தட்டுங்கள். ஒவ்வொரு நிகழ்வும் நேரத்தோடு ஒரு வரியாக வரும். value 1 என்றால் அழுத்தம், 0 என்றால் விடுவிப்பு, 2 என்றால் விசை அமுங்கியபடியே இருக்கிறது என்பதால் வரும் தொடர் மறுபதிவு. துள்ளும் விசையில், தேவையற்ற பகுதிகளைச் சுருக்கிப் பார்த்தால், பதிவு இப்படி இருக்கும்:

```
12.104210  KEY_E  value 1
12.171905  KEY_E  value 0
12.185377  KEY_E  value 1
12.203116  KEY_E  value 0
```

இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இடையே ஏறத்தாழ 13 மில்லிநொடிதான். எந்த விரலும் விசையை விட்டு இவ்வளவு விரைவாக மறுபடி அழுத்தாது. ஆகவே இது தொடர்புப் புள்ளியின் துள்ளல். இதற்கு மாறாக ஒரு 1-ஐத் தொடர்ந்து 2, 2, 2 என்று வந்து, 0 வராமலே இருந்தால் விசை சிக்கியிருக்கிறது. KEY_E வரும்போதெல்லாம் கூடவே KEY_R அல்லது வேறொரு விசையும் வந்தால் தடங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதை தூசி என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் ஈரமோ கோணலாகச் செருகிய ரிப்பனோதான் காரணம்.

லினக்ஸ் வேண்டாம் என்றால் நோட்பேடிலேயே ஒரு எளிய சோதனை இருக்கிறது. e விசையை வேகமாக இருபது முறை தட்டுங்கள். பிறகு மிக மெதுவாக, அமுங்குவது விரலுக்குத் தெரியும்படி, இருபது முறை அழுத்துங்கள். அதன்பின் விசையின் நான்கு மூலைகளிலும் ஐந்தைந்து முறை அழுத்துங்கள். மெதுவாக அழுத்தும்போதோ ஒரு குறிப்பிட்ட மூலையில் அழுத்தும்போதோ மட்டும் இரட்டித்தால், அந்த விசைக்கு அடியில் துகளோ, ஒட்டும் பசையோ, தேய்ந்த குமிழோ இருக்கிறது. ரிப்பன் குற்றவாளி என்றால் மூலையைப் பொறுத்து வேறுபாடு வராது.

துகளாக இருந்தால் சுத்தம் செய்வது எளிது. கணினியை முழுவதுமாக நிறுத்தி, மின்னிணைப்பை எடுத்துவிட்டு, பலகை செங்குத்துக்குச் சற்றுக் குறைவாகச் சாய்ந்திருக்கும்படி பிடித்து, அழுத்தக் காற்றைச் சிறுசிறு வீச்சாக விசையின் ஓரங்களில் செலுத்துங்கள். பிறகு கணினியை வலப்புறமும் இடப்புறமும் திருப்பி அதையே செய்யுங்கள். காற்றுப் புட்டியைத் தலைகீழாகப் பிடித்தால் குளிர்ந்த திரவம் வெளியே வரும். அதைத் தவிர்க்க வேண்டும். பசை இருந்தால், பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டுப் பிழிந்து, விசையின் ஓரத்தில் ஓட்டி, விசையைப் பலமுறை அழுத்தி, அரைமணி நேரம் உலரவிடுங்கள். விசை மூடியைக் கழற்றலாமா என்று பலர் கேட்பதுண்டு. e போன்ற சிறிய விசையை, கத்தரிக்கோல் வடிவக் கொக்கி எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்று தெரிந்தால், கழற்றலாம். எண்டரையும் ஸ்பேஸ் பாரையும் கழற்றாதீர்கள், அவற்றின் கம்பியைத் திரும்ப மாட்டுவதற்குள் பொறுமை போய்விடும். அடியில் குமிழும் தாள்களும் ஒட்டப்பட்டே இருப்பதால் தாள்களுக்கு நடுவே நுழைந்த அழுக்கை இந்த முறையால் எடுக்க முடியாது. அது இந்த வைத்தியத்தின் எல்லை. 2015-இல் வந்த ஆப்பிளின் பட்டர்ஃபிளை விசைகள் மிக மெல்லியவை என்பதால் சிறு துகளுக்கே எழுத்து இரட்டித்தன. 2018-இல் அந்நிறுவனம் இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த அளவுக்கு ஒரு துகளால் முடியும்.

சுத்தம் செய்த பிறகும் e இரட்டித்தால், Filter Keys பிரிவில் Bounce Keys என்ற வசதியை இடைக்கால ஏற்பாடாகப் போடலாம். ஆனால் அதில் கிடைக்கும் மிகக் குறைந்த நேரமே அரை நொடி. See என்று வேகமாக அடித்தால் இரண்டாவது e விழாது. கட்டுரை ஒன்றை முடிக்கும் வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்குமேல் முடியாது.

மூன்றாவது குறைதான் கேபிளைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது. g, h இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் Backspace தொலைவில் இருக்கிறது; இருந்தும் மூன்றும் ஒன்றாக நின்று, ஒன்றாக எழுகின்றன. எந்த விசைகள் எந்தத் தடத்தில் என்பது மாடலுக்கு மாடல் மாறும். இருந்தாலும் ஒரு தூசித் துகள் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் தாக்க வழியில்லை. ஒரு பொதுத் தடம்தான் விட்டுவிட்டு அறுபடுகிறது. அவை நிற்கும் நேரத்தில் எல்லா விசைகளையும், F வரிசையும் அம்புக்குறிகளும் உட்பட, ஒவ்வொன்றாக அழுத்தி, வேலை செய்யாதவற்றைத் தாளில் எழுதுங்கள். நீங்கள் கவனிக்காத நான்காவது, ஐந்தாவது விசையும் அந்தப் பட்டியலில் சேரக்கூடும். சேர்ந்தால் முடிவு உறுதிப்படும்.

அடுத்து நினைவைக் கிளற வேண்டும். அண்மையில் ராம் கூட்டவோ விசிறியைச் சுத்தம் செய்யவோ கணினி திறக்கப்பட்டதா? திறக்கப்பட்டிருந்தால் ரிப்பன் கோணலாகச் செருகப்பட்டிருக்கும் வாய்ப்பே முதலிடம் பெறும். என் உறவினர் ஒருவரின் கணினியில் இதுதான் நடந்தது: விசிறி மாற்றி வந்த மறுநாளே ஐந்து விசைகள் நின்றன, பலகையை மாற்றச் சொன்னார்கள், திறந்து பார்த்தபோது ரிப்பனின் ஒரு மூலை ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றது, அவ்வளவுதான். தேநீர் சிந்தியிருந்தால் நிலைமை வேறு. பாலும் சர்க்கரையும் உலர்ந்து வெள்ளித் தடங்களை நாளடைவில் அரிக்கும். சிந்திய அன்று ஒன்றும் ஆகாமல் சில வாரங்கள் கழித்து விசைகள் குழுவாக நிற்பது இதனால்தான். திரையைத் திறந்து மூடுவதால் கேபிள் தேய்ந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வழக்கமான மடிக்கணினியில் கீல் வழியாகச் செல்வது திரையின் கேபிள், விசைப்பலகையினுடையது அன்று.

திறப்பதற்குமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கணினியை மேசையில் வைத்தால் ஆடுகிறதா, டச்பேட் மேலெழும்பியோ அழுத்த முடியாமலோ இருக்கிறதா, விசைப்பலகையின் நடுப்பகுதி வளைந்திருக்கிறதா? அப்படியானால் உள்ளே பேட்டரி உப்பி, அடியிலிருந்து பலகையைத் தள்ளுகிறது. விசைகள் தாமாக அமுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நிலையில் கணினியை நிறுத்தி, சார்ஜ் போடாமல், நேரே கடைக்குக் கொண்டு செல்லுங்கள். நெம்பவோ குத்தவோ கூடாது.

பேட்டரி சரியாக இருந்தால், கணினியை நிறுத்தி, சார்ஜரை எடுத்து, அடிமூடியைத் திறந்தவுடன் முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். விசைப்பலகையின் ரிப்பன் அகலமானது; பக்கத்தில் நான்கைந்து தடங்களோடு குறுகலாக இருப்பது பின்னொளிக்கானது, ஆகவே விளக்கு எரிவதை வைத்து விசை ரிப்பன் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. ரிப்பனை அப்படியே இழுக்கக் கூடாது. அதைப் பிடித்திருக்கும் பூட்டை முதலில் விடுவிக்க வேண்டும். சில பூட்டுகள் நகத்தால் மேலே புரட்டுபவை, சில இரு முனைகளையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே நகர்த்துபவை. ரிப்பனை எடுத்து அதன் முனையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தடங்கள் கறுத்திருந்தால் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் ஒரே திசையில் துடையுங்கள். மடிப்புக் கோடு விழுந்திருந்தாலோ, தடம் உரிந்திருந்தாலோ, பச்சையாகவோ கருப்பாகவோ அரித்திருந்தாலோ துடைத்துப் பயனில்லை. நன்றாக இருந்தால் நேராக, முனை முழுவதும் ஒரே ஆழத்தில் உள்ளே போகும்படி செருகி, பூட்டை இருபுறமும் சமமாக அழுத்தி மூடுங்கள். மூடியைத் திருகுவதற்குமுன் பேட்டரியை இணைத்துச் சோதித்தால் இரட்டை வேலை மிச்சம்.

மூன்று விசைகளும் திரும்பி, ஒரு வாரம் நின்றுபோகாமல் இருந்தால் குற்றம் செருகலில்தான் இருந்தது. சிறிதுநேரம் வந்து மீண்டும் போனால் தடம் உள்ளே எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. இங்கேதான் "ரிப்பனை மட்டும் மாற்றித் தாருங்கள்" என்று கேட்பவர்கள் ஏமாற்றமடைகிறார்கள். பெரும்பாலான மாடல்களில் ரிப்பன் தனிப் பொருள் அன்று. நான் முதலில் சொன்ன பிளாஸ்டிக் தாளின் வாலே ரிப்பனாக வெளியே நீண்டிருக்கிறது. வால் முறிந்தால் பலகை முழுவதையும்தான் மாற்ற வேண்டும். மதர்போர்டுக்கும் பலகைக்கும் நடுவே தனி ரிப்பன் உள்ள சில மாடல்களில் மட்டும் அதைத் தனியே வாங்கலாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் பலகை திருகாணியால் பொருத்தப்பட்டதா, மேல்மூடியோடு பிளாஸ்டிக் ஆணிகளால் உருக்கி ஒட்டப்பட்டதா என்று கடையில் கேளுங்கள். இரண்டாவது வகையில் மேல்மூடியோடு சேர்த்து மாற்றுவதே பலமாக நிற்கும், செலவும் அதற்கேற்ப ஏறும்.

உங்கள் நிலையில் நான் இந்த வரிசையில் செய்வேன்: @ குறியை இன்றே அமைப்பில் சரிசெய்வேன், e விசையைக் காற்றாலும் ஆல்கஹாலாலும் சுத்தம் செய்வேன், மூன்று விசைகளும் அடுத்தமுறை நிற்கும்போது பட்டியல் எடுத்த பிறகே அடிமூடியைத் திறப்பேன். ரிப்பனைத் திரும்பச் செருகிய பின்னும் அதே பட்டியல் அப்படியே நின்றால் கடைக்காரர் சொன்னதே சரி. அப்போது புதிய பலகையில் e குறையும் சேர்ந்தே போய்விடும். @ குறை மட்டும், அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால், புதிய பலகையிலும் அப்படியே இருக்கும்.